குறைப்பட்டியல் அறிக்கை (அடுக்குமாடி வீடு ஒப்படைப்பு)

குறைப்பட்டியல் அறிக்கை என்பது, புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட அடுக்குமாடி வீடு ஒன்றை உரிமையாளரிடம் ஒப்படைக்கும் முன்னர், அவ்வீட்டில் காணப்படும் வேலைக் குறைபாடுகளை எண்ணிட்டுப் பதிவு செய்யும் ஆவணம் ஆகும். குறைபாடுகள் இதில் இரண்டு வகையில் பிரிக்கப்படுகின்றன. முதலாவது, அக்குறையைச் சரிசெய்ய வேண்டிய தொழில்: கொத்து வேலை, குழாய் வேலை, மின் வேலை, தச்சு வேலை போன்றவை. இரண்டாவது, அதைச் சரிசெய்ய வேண்டிய முன்னுரிமை. தொழில், வேலையை யார் செய்வது என்பதைக் காட்டுகிறது. முன்னுரிமை, எதை எப்போது முடிப்பது என்பதைக் காட்டுகிறது.

ஆங்கிலத்தில் இது ஸ்நாக் பட்டியல் எனவும், அமெரிக்காவில் பஞ்ச் பட்டியல் எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் கட்டுமானத் துறையிலும் ஸ்நாக் என்ற சொல்லே வழக்கில் உள்ளது. வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் உவர்ப்பான நிலத்தடி நீரும் கட்டிடங்களைப் பாதிப்பதால், அங்கு இவ்வறிக்கையைத் தயாரிப்பதில் சில தனிக் கவனங்கள் தேவைப்படுகின்றன.

## அறிக்கையின் அமைப்பு

அறிக்கை பொதுவாக நான்கு பகுதிகளைக் கொண்டது.

1. '''முகப்பு:''' வீட்டின் எண், தளம், ஆய்வு நடந்த நாள், உடனிருந்தவர்கள், அன்றைய வானிலை, மின்சாரமும் தண்ணீரும் இணைக்கப்பட்டிருந்தனவா என்ற விவரம்.
2. '''அறைவாரிப் பதிவு:''' ஆய்வாளர் வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாகச் சென்று கண்டதைக் கண்டபடி எழுதிய பட்டியல்.
3. '''தொழில்வாரிப் பட்டியல்:''' அதே குறைகள் தொழில் வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை குறிக்கப்பட்டது.
4. '''மறு ஆய்வுப் பகுதி:''' சரிசெய்த நாள், சோதித்த முறை, முடிவு, கையொப்பம்.

முகப்பில் வானிலையைக் குறிப்பது சடங்கன்று. சென்னைக்குப் பெருமளவு மழை வடகிழக்குப் பருவக்காற்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. மே மாதத்தில் ஆய்வு செய்யப்பட்ட வீட்டில் சன்னல் ஓரமோ மேல்தளமோ ஒழுகவில்லை என்று எழுதினால், அது ஒழுகாது என்று பொருளாகாது. அன்று மழை இல்லை என்பதே பொருள். தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கப்பட்டதா இல்லையா என்பதும் அதனாலேயே பதிவாக வேண்டும். மின்சாரம் இணைக்கப்படாத நிலையில் பார்த்த வீட்டின் மின் வேலை "குறையில்லை" என்று அன்றி, "சோதிக்கப்படவில்லை" என்றே எழுதப்பட வேண்டும்.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு வரிசை எண் உண்டு. ஒரு குறை நீக்கப்பட்ட பின்பும் அதன் எண் வேறொன்றுக்குத் தரப்படுவதில்லை. குறை இருக்கும் இடம் துல்லியமாக எழுதப்படும். "படுக்கையறைச் சுவரில் ஈரம்" என்பது போதாது, "இரண்டாம் படுக்கையறை, குளியலறையை ஒட்டிய சுவர், தரையிலிருந்து 40 செ.மீ. உயரம் வரை, 1 மீட்டர் நீளத்தில் பெயின்ட் உப்பியுள்ளது" என்பதே மறு ஆய்வில் ஒப்பிடத்தக்க பதிவாகும். ஒளிப்படம் எடுக்கும்போது அளவுநாடாவையும் சேர்த்து எடுப்பதும், கறையின் விளிம்பைப் பென்சிலால் சுவரிலேயே வரைந்து நாளிடுவதும் வழக்கம்.

## தொழில்வாரியான வகைப்பாடு

அறைவாரிப் பட்டியல் ஆய்வு செய்பவருக்கு எளிதானது. வேலை செய்பவருக்கு எளிதானதன்று. ஒரு கட்டிடத்தில் எலக்ட்ரீசியன் ஒருவர், பிளம்பர் ஒருவர், டைல்ஸ் பதிப்பவர் ஒருவர் எனத் தனித்தனி ஒப்பந்தக்காரர்கள் பணிபுரிவர். அறைவாரிப் பட்டியலே எல்லோருக்கும் தரப்பட்டால், ஒவ்வொருவரும் தம் வேலையை மற்றவர் பட்டியலுக்குள் தேட வேண்டும். எனவே குறைகள் கீழ்க்கண்டவாறு பிரிக்கப்படுகின்றன.

| தொழில் | பார்க்கப்படும் குறைகள் | எளிய சோதனை |
|---|---|---|
| கட்டமைப்பு | தூண், உத்திரம், தளம் ஆகியவற்றில் விரிசல், துருக்கறை | கண்ணால் பார்த்தல். ஐயம் எழுந்தால் பொறியாளரிடம் அனுப்புதல் |
| கொத்து, பூச்சு | செங்குத்துப் பிழை, மேடுபள்ளம், உதிர்தல் | தூக்குக்குண்டு, 2 மீட்டர் மட்டக்கோல் |
| நீர்த்தடுப்பு | குளியலறை, பால்கனி, மொட்டைமாடிக் கசிவு | தண்ணீர் தேக்கிப் பார்த்தல் |
| டைல்ஸ் | அடியில் வெற்றிடம், சாய்வுப் பிழை | நாணயத்தால் தட்டுதல், வாளி நீர் ஊற்றுதல் |
| குழாய் வேலை | கசிவு, அடைப்பு, நாற்றம் | அழுத்தமானி, எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்தல் |
| மின் வேலை | நில இணைப்பு இன்மை, இணைப்பு மாறுதல் | சோதனைக் கருவி, கசிவு முறிப்பானின் சோதனைப் பொத்தான் |
| தச்சு, சன்னல், கிரில் | உராய்தல், பூட்டுப் பிழை, துரு | பலமுறை திறந்து மூடுதல் |
| பெயின்ட் | உப்பல், திட்டு, பட்டி உதிர்தல் | பக்கவாட்டு ஒளியில் பார்த்தல் |

இவ்வகைப்பாட்டில் அடிக்கடி நேரும் பிழை, குறை தோன்றும் இடத்தையே அதன் தொழிலாகக் கொள்வதாகும். படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பினால் அது பெயின்டரின் பட்டியலில் எழுதப்பட்டுவிடுகிறது. பெயின்டர் வந்து உப்பியதைச் சுரண்டி, பட்டி பார்த்து, மீண்டும் வண்ணம் பூசுகிறார். சுவரின் மறுபுறம் குளியலறையில் நீர் கசிந்துகொண்டிருந்தால், சில வாரங்களில் அதே இடம் மீண்டும் உப்புகிறது. அதற்குள் குறை "முடிந்தது" எனப் பட்டியலில் குறிக்கப்பட்டிருக்கும்.

இதைத் தவிர்க்க, நல்ல அறிக்கைகளில் "தோன்றும் தொழில்", "காரணத் தொழில்" என இரு கட்டங்கள் இருக்கும். காரணம் தெரியாதபோது இரண்டாம் கட்டம் ஊகத்தால் நிரப்பப்படாமல், "சோதனைக்குப் பின்" என விடப்படும்.

தொழில்வாரிப் பட்டியலால் மற்றொரு பயனும் உண்டு. ஒரே கட்டிடத்தின் பல வீடுகளில் ஒரே தொழிலில் ஒரே குறை வந்தால், அது ஒரு தொழிலாளியின் தவறாக இல்லாமல், பொருள் கலவையிலோ செய்முறையிலோ உள்ள பொதுக் குறையாக இருக்கக்கூடும். அறைவாரிப் பட்டியலில் இவ்வொற்றுமை சிதறி மறைந்துவிடும்.

## முன்னுரிமை

முன்னுரிமை பெரும்பாலும் மூன்று நிலைகளாக வகுக்கப்படுகிறது.

'''முதல் நிலை:''' உயிருக்கோ உடலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியவை. நில இணைப்பு இல்லாத மின்செருகி, ஆடும் பால்கனிக் கைப்பிடி, உத்திரத்தில் விரிசல் ஆகியன இதில் அடங்கும். இவை நீங்கும் வரை வீட்டில் குடியேறக்கூடாது.

'''இரண்டாம் நிலை:''' காத்திருந்தால் வளர்பவை, அல்லது சரிசெய்ய உடைக்க வேண்டியவை. நீர்க்கசிவு, தவறான தரைச் சாய்வு, வெற்றொலி தரும் டைல்ஸ், துருப்பிடிக்கத் தொடங்கிய கிரில் ஆகியன இத்தகையவை. அறைகலன்கள் வந்தபின் தரையை உடைப்பது கடினம் என்பதால் இவை ஒப்படைப்புக்கு முன் முடிக்கப்பட வேண்டும்.

'''மூன்றாம் நிலை:''' தோற்றம் தொடர்பானவை. வண்ணத் திட்டு, கீறல், சீரற்ற டைல்ஸ் இடுக்கு முதலியன. இவற்றைக் குடியேறிய பின்னரும் நாள் குறித்துச் செய்யலாம்.

நிலையைத் தீர்மானிப்பது குறையின் பரப்பளவு அன்று. சுவர் முழுவதும் பரவிய வண்ணத் திட்டு மூன்றாம் நிலை. விரல் நுழையாத மின் இணைப்புப் பிழை முதல் நிலை. மூன்றாம் நிலையில் எழுதப்பட்டது என்பதால் அக்குறையைச் சரிசெய்யும் கடமை குறைவதில்லை. வரிசையில் அது பின்னால் நிற்கிறது, அவ்வளவே.

## வடசென்னைக் கடலோரத்தின் தனித்தன்மைகள்

கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000, கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் "கடுமையான" சூழல் வகையில் வைக்கிறது. இவ்வகைக்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பியின் மேல் பொதுவாக 45 மி.மீ. கான்கிரீட் உறையும் வேண்டும். கடல்நீர்த் தெறிப்பும் அரிக்கும் புகையும் படும் பரப்புகள் இதனினும் கடுமையான வகையைச் சேர்ந்தவை. உறை குறைந்தால் உப்பின் குளோரைடு விரைவில் கம்பியை அடைந்து துருவேற்றும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கிறது. கம்பி ஓடும் திசையிலேயே நீளும் விரிசலும், அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் இதன் அடையாளங்கள். புதிய வீட்டில் இவை அரிது; காணப்பட்டால் பூச்சு வேலைக் குறையாக எழுதாமல் கட்டமைப்புப் பட்டியலில் முதல் நிலையாக எழுத வேண்டும்.

அதே தரநிலை, கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. அளவை மீறக்கூடாது என்கிறது. உவர்ப்பான கிணற்று நீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தினால், சுவர் உலரும்போது உப்பு மேற்பரப்புக்கு வந்து வெண்தூளாகப் படியும். இது உப்புப் பூத்தல் எனப்படும். இதுவும் குழாய்க் கசிவும் முதற்பார்வையில் ஒன்றுபோல் தோன்றுவதால் தொழில்வாரிப் பிரிவில் குழப்பம் ஏற்படுகிறது. உப்புப் பூத்தலில் சுவர் உலர்ந்து, தூள் விரலில் ஒட்டும். குளியலறையைப் பயன்படுத்துவதோடு அதற்குத் தொடர்பு இராது. கசிவில் கறையின் விளிம்பு தண்ணீர் பயன்பாட்டுக்குப் பின் விரியும். உப்புள்ள சுவரில் ஈரம் இருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். அப்போது கசிவைத்தான் முதலில் தேட வேண்டும்.

கடலை நோக்கிய பால்கனியில் கைப்பிடியின் கம்பியைவிட அது தரையோடு இணையும் அடித்தட்டும் திருகாணிகளுமே முதலில் துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும், மூடியைத் தூக்கி அடித்தட்டைப் பார்ப்பது இப்பகுதியில் ஆய்வின் ஒரு கட்டாயப் படியாகும்.

## எடுத்துக்காட்டு

அறிக்கை தயாராகும் முறையை விளக்க, திருவொற்றியூரில் கடலோரத்தை ஒட்டிய இரு படுக்கையறை வீடு ஒன்று இங்கே மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. அறைவாரிப் பதிவில் ஏழு குறைகள் எழுதப்பட்டன:

1. வரவேற்பறை: சுவரில் வண்ணத் திட்டு.
2. சமையலறை: ஒரு மின்செருகியில் நில இணைப்பு இல்லை.
3. இரண்டாம் படுக்கையறை: குளியலறையை ஒட்டிய சுவரின் அடியில் பெயின்ட் உப்பல்.
4. குளியலறை: வடிகாலுக்கு எதிர் மூலையில் நீர் தேங்குகிறது.
5. குளியலறை: அதே மூலையில் நான்கு டைல்ஸ் வெற்றொலி தருகின்றன.
6. பால்கனி: கைப்பிடி ஆடுகிறது, அடித்தட்டில் துரு.
7. முதல் படுக்கையறை: கதவு தரையில் உராய்கிறது.

இப்பட்டியலை அப்படியே தொழில் வாரியாகப் பிரித்தால் 1, 3 பெயின்டருக்கும், 4, 5 டைல்ஸ் பதிப்பவருக்கும் செல்லும். ஆனால் 3, 4, 5 ஆகிய மூன்றும் ஒரே சுவரின் இருபுறமும் உள்ளன. ஆகவே அவற்றின் காரணத் தொழில் நிரப்பப்படாமல் இரண்டு சோதனைகள் செய்யப்படுகின்றன.

முதலில் குழாய்ச் சோதனை. எல்லாக் குழாய்களையும் அடைத்து, இணைப்பில் அழுத்தமானியைப் பொருத்திச் சில மணிநேரம் விடப்படுகிறது. அழுத்தம் இறங்கவில்லை. எனவே சுவருக்குள் செல்லும் நீர்க்குழாயில் கசிவு இல்லை. அடுத்துத் தேக்கச் சோதனை. குளியலறை வடிகாலை அடைத்து, தரையில் ஏறத்தாழ 25 மி.மீ. உயரத்துக்கு நீர் தேக்கி 24 மணிநேரம் விடப்படுகிறது. படுக்கையறைச் சுவரில் ஈர விளிம்பு முன்னரே பென்சிலால் குறிக்கப்பட்டுள்ளது. மறுநாள் ஈரம் அக்கோட்டைத் தாண்டியிருக்கிறது. இப்போது மூன்று குறைகளுக்கும் காரணம் தெரிகிறது: தரைச் சாய்வு தவறியதால் மூலையில் நீர் நிற்கிறது, டைல்ஸ் அடியிலுள்ள வெற்றிடத்தில் அது இறங்குகிறது, நீர்த்தடுப்புப் படலம் சுவர் மூலையில் குறைபட்டிருப்பதால் மறுபுறம் வருகிறது.

இறுதி அறிக்கை பின்வருமாறு அமையும்.

| எண் | தோன்றும் தொழில் | காரணத் தொழில் | நிலை |
|---|---|---|---|
| 2 | மின் வேலை | மின் வேலை | 1 |
| 6 | கிரில் | கிரில் | 1 |
| 4 | டைல்ஸ் | டைல்ஸ் (சாய்வு) | 2 |
| 5 | டைல்ஸ் | டைல்ஸ் | 2 |
| 3 | பெயின்ட் | நீர்த்தடுப்பு | 2 |
| 7 | தச்சு | தச்சு | 3 |
| 1 | பெயின்ட் | பெயின்ட் | 3 |

3, 4, 5 ஆகியவை ஒரே தொடராகக் கட்டப்படுகின்றன. டைல்ஸ் உடைத்தல், நீர்த்தடுப்பு செய்தல், நீர்த்தடுப்பின் மீதே ஒருமுறை தேக்கச் சோதனை, சாய்வுடன் டைல்ஸ் பதித்தல், மீண்டும் ஒரு தேக்கச் சோதனை, சுவர் உலர விடுதல், கடைசியில் பெயின்ட் என்பது வேலை வரிசை. முதல் தேக்கச் சோதனையை விட்டுவிட்டு டைல்ஸ் பதித்தால், தவறு இருப்பின் மறுபடியும் உடைக்க நேரும். வரவேற்பறையின் வண்ணத் திட்டும் இதே பெயின்டர் வரும் நாளில் முடிக்கப்படுகிறது. முன்னுரிமையில் கடைசியாக இருந்த குறைக்குத் தனியாக ஆள் வரவழைக்கத் தேவையில்லாமல் போவது தொழில்வாரிப் பிரிவின் பயனாகும்.

## மறு ஆய்வு

குறை நீங்கியது என்பதை அதைச் சரிசெய்தவர் குறிப்பதில்லை. முதலில் எழுதியவரே மறுபடி சோதித்துக் குறிக்கிறார். எந்தச் சோதனையால் குறை கண்டறியப்பட்டதோ அதே சோதனையாலேயே அது மூடப்பட வேண்டும். தேக்கச் சோதனையில் தெரிந்த கசிவைச் சுவர் உலர்ந்திருப்பதைப் பார்த்து மட்டும் மூடக்கூடாது. மறு ஆய்வில் புதிதாகத் தெரியும் குறைகள் பழைய எண்ணோடு சேர்க்கப்படாமல் புதிய எண் பெறுகின்றன. டைல்ஸ் உடைத்தபோது கதவு நிலையில் ஏற்பட்ட கீறல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

## சட்ட நிலை

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் நிலைச்சொத்து (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், இவ்வறிக்கையைப் பெயரிட்டுக் குறிப்பிடவில்லை. எனினும் அதன் 14(3)ஆம் பிரிவு இதற்கு ஆதாரமாகிறது. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்திறனிலோ, தரத்திலோ, வசதிகளிலோ குறைபாடு இருப்பதாக உரிமையாளர் தெரிவித்தால், கட்டுநர் அதை 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் உரிமையாளர் இழப்பீடு பெறலாம். தமிழ்நாட்டில் இச்சட்டத்தின்படியான புகார்களைத் தமிழ்நாடு நிலைச்சொத்து ஒழுங்குமுறை ஆணையம் விசாரிக்கிறது.

30 நாட்கள் என்பது குறை தெரிவிக்கப்பட்டதிலிருந்து கணக்கிடப்படுவதால், அறிக்கை கட்டுநரிடம் சேர்ந்த நாளுக்குச் சான்று இருப்பது முக்கியம். ஒப்படைப்புக் கடிதத்தில் "வீடு முழுத் திருப்தியாக உள்ளது" என்ற வாசகம் இருந்தால், "இணைக்கப்பட்ட பட்டியலில் உள்ள குறைகள் நீங்கலாக" என்று எழுதிக் கையொப்பமிடுவது பின்னாளைய வாதத்தைத் தவிர்க்கிறது.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய வீடுகளுக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஓராண்டு ஆகும்.

## வரம்புகள்

குறைப்பட்டியல் அறிக்கை, கண்ணுக்கும் எளிய கருவிகளுக்கும் எட்டுவதை மட்டுமே பதிவு செய்கிறது. கான்கிரீட்டின் வலிமை, கம்பியின் உறை, அடித்தளம் ஆகியவற்றை அது அளப்பதில்லை. வடசென்னையில் 2021இல் நிகழ்ந்த இரு நிகழ்வுகள் இவ்வரம்பைக் காட்டுகின்றன.

புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் அரசு கட்டிய புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில், தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்வதாக 2021 ஆகஸ்டில் குடியிருப்போர் முறையிட்டனர். இதையடுத்துக் கட்டிடத்தின் தரத்தை ஆராயும் பணி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு வீட்டின் பட்டியலில் இத்தகைய குறை "பூச்சு உதிர்கிறது" என்ற ஒரே வரியாகவே இடம்பெறும். பல வீடுகளின் பட்டியல்களைத் தொழில் வாரியாகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஒட்டுப்போடும் வேலை போதாது, மாதிரிகள் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர முடியும்.

அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1990களில் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. விரிசல்களைக் கண்ட மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிரிழப்பு ஏற்படவில்லை. அது ஒப்படைப்பு நிலையில் இருந்த கட்டிடம் அன்று. நெடுங்காலம் குடியிருந்த பழைய கட்டிடம். எனினும் கட்டமைப்பு விரிசலை மற்றக் குறைகளோடு வரிசையில் நிறுத்தலாகாது என்பதற்கு அது சான்றாகும். அத்தகைய விரிசல் காணப்பட்டவுடன், பட்டியல் முடியும் வரை காத்திராமல், ஆய்வை நிறுத்திக் கட்டமைப்புப் பொறியாளருக்குத் தெரிவிப்பதே முறையாகும்.

## இவற்றையும் பார்க்கவும்

* உப்புப் பூத்தல்
* நீர்த்தடுப்பு
* கம்பியிட்ட கான்கிரீட்